கல்யாண வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் 1,100 மெசேஜ்... முகூர்த்த நாளுக்கு நேர அட்டவணையாக மாற்றுவது எப்படி?

"வேன் சொல்லியாச்சா?" என்று ஒருவர் கேட்கிறார். "நான் பாத்துக்கிறேன்" என்று பெரியப்பா போடுகிறார். அதற்குக் கீழே மாமாவும் "நான் பாத்துக்கிறேன்" என்கிறார். சித்தி ஒரு கட்டைவிரல் போடுகிறார். அதன்பிறகு 40 பேர் குட் மார்னிங் படம் போட்டுவிட, வேன் கதை மேலே போய்விடுகிறது. யார் வேன் சொன்னது? யாருமே சொல்லவில்லை.

இது எங்கள் அக்கா நிச்சயதார்த்தத்தில் நடந்தது. கரூரில் இருந்து வந்த 14 பேர் திருச்சி ஜங்ஷன் வாசலில் தாம்பூலத் தட்டுகளோடு முக்கால் மணி நேரம் நின்றார்கள். கோபம் தணிய ஒரு வாரம் ஆனது. அதனால்தான் கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு, "நீதான தமிழ் படிச்சவன், எல்லாத்தையும் ஒரு லிஸ்டா எழுதிக் குடு" என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள். லிஸ்ட் எழுதத் தமிழ் இலக்கியம் உதவாது என்பது குரூப்பைத் திறந்ததுமே தெரிந்தது. எது உதவும் என்பதை, அந்தக் கல்யாணத்தையே உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

விவரம் இதுதான்: ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், காலை 7.30 முதல் 9.00 வரை. மண்டபம் சனிக்கிழமை மாலை 3 மணியில் இருந்து ஞாயிறு மாலை 3 மணி வரை நம் கையில். விருந்தினர் சுமார் 500 பேர். நாங்கள் பெண் வீடு.

முதல் வேலை: மெசேஜை வெளியே எடுப்பது

குரூப்பை விரலால் தள்ளித் தள்ளிப் படித்தால் பாதியில் கண் சொருகிவிடும். ஆண்ட்ராய்டு போனில் குரூப்பைத் திறந்து, மேலே வலது பக்கம் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, More, அதற்குள் Export chat, அடுத்து Without media என்று கொடுத்தால் எல்லா மெசேஜும் தேதி, நேரம், அனுப்பியவர் பெயரோடு ஒரே ஃபைலாக வந்துவிடும். ஐபோனில் குரூப்பின் பெயரைத் தொட்டால் கீழே Export Chat இருக்கும். குரூப்பில் Advanced chat privacy ஆன் செய்திருந்தால் இது வேலை செய்யாது. அட்மினிடம் சொல்லிக் கொஞ்ச நேரம் ஆஃப் செய்யச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அந்த ஃபைலில் வாய்ஸ் மெசேஜ் எதுவும் வராது. அந்த இடத்தில் `<Media omitted>` என்பது போல ஒரு குறிப்பு மட்டும் நிற்கும். நம் வீடுகளில் பெரியவர்கள் டைப் செய்வதில்லை, பேசித்தான் அனுப்புகிறார்கள். முக்கியமான முடிவுகள் அவர்கள் வாயில்தான் இருக்கின்றன. எங்கள் குரூப்பில் சமையல்காரருக்கு எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தோம், மீதி எவ்வளவு, எப்போது தர வேண்டும் என்பது முழுக்க அப்பாவின் ஒன்றரை நிமிட வாய்ஸில் இருந்தது. எனவே ஃபைலில் `<Media omitted>` வருகிற நேரங்களைக் குறித்துக்கொண்டு, அந்த வாய்ஸ்களை மட்டும் குரூப்பில் தேடிக் கேட்டுவிடுங்கள். ஹெட்போன் போட்டுக் கேட்பது நல்லது. சில வாய்ஸில் சம்பந்தி வீட்டைப் பற்றிய விமர்சனமும் சேர்ந்து வரும்.

எது முடிவு, எது பேச்சு?

1,100 மெசேஜில் அட்டவணைக்கு உதவியவை அறுபதைத் தாண்டவில்லை. மற்றதெல்லாம் வாழ்த்து, புடவை போட்டோ, "சரி", "ஓகே". அந்த அறுபதையும் மூன்றாகப் பிரித்தேன்: முடிவானது, யோசனையாகச் சொன்னது, பதில் வராத கேள்வி.

கடைசியாக வந்த மெசேஜ்தான் முடிவு என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். அப்படி எடுத்தால் மாட்டிக்கொள்வோம். காலை டிபனுக்குப் பொங்கலா கிச்சடியா என்று ஒரு நாள் முழுக்க விவாதம். கடைசி மெசேஜ் பெங்களூரில் இருக்கும் அண்ணனுடையது: "கிச்சடியே போடுங்க." ஆனால் அவருக்கு முன்பே அப்பா சமையல்காரரிடம் பொங்கல் சொல்லிச் சாமான் லிஸ்டும் வாங்கிவிட்டார். அது குரூப்புக்கே வரவில்லை. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும், யார் பணம் கொடுக்கிறாரோ அல்லது யார் அந்த ஆளிடம் நேரில் பேசினாரோ அவருடைய சொல்லைத்தான் முடிவாக எடுக்க வேண்டும். சந்தேகம் என்றால் குரூப்பில் கேட்காதீர்கள். அந்த ஒருவருக்குப் போன் போடுங்கள். குரூப்பில் கேட்டால் விவாதம் மறுபடி முதலில் இருந்து தொடங்கும்.

அடுத்தது வார்த்தைகள். "நாளைக்குக் காலைல ஐஸ் வந்துரும்" என்ற மெசேஜ் இரவு 11.50-க்குப் போட்டது. விடிந்து படிப்பவருக்கு அந்த 'நாளைக்கு' ஒரு நாள் தள்ளிவிடும். "7.30க்கு வேன்" என்றால் அது கரூரில் கிளம்புகிற நேரமா, மண்டபத்துக்கு வந்து சேர்கிற நேரமா? இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேர வித்தியாசம். "பூ 6 மணிக்கு வரும்" என்றால் எந்தப் பூ? மேடை அலங்காரமா, மாலையா, பெண்ணுக்கு ஜடையா? அட்டவணையில் ஏறும் ஒவ்வொரு வரியிலும் கிழமை, காலையா மாலையா, கிளம்புவதா சேர்வதா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஜடை விஷயத்துக்குக் கீழே மறுபடி வருகிறேன், எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

தாலி கட்டும் நேரத்தில் இருந்து பின்னோக்கி

பெரும்பாலோர் காலை 4 மணியில் ஆரம்பித்து முன்னோக்கி எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் எல்லா வேலையும் அழகாகப் பொருந்துவது போலத் தெரியும். முகூர்த்தம் நகராது என்பதால் அங்கிருந்து பின்னால் வர வேண்டும்.

ஐயரிடம் போனில் கேட்டேன். "7.30 - 9.00ன்னு பத்திரிகையில போட்டாலும், நான் 8.15க்குத் தாலி கட்ட வச்சுடுவேன், அப்பதான் நிதானமா இருக்கும்" என்றார். அதற்கு முன் என்ன நடக்கும் என்று வரிசையாகச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டேன். மாப்பிள்ளை 6.30-க்கு மணையில். பெண்ணை 7.00-க்கு அழைப்பார். 7.30-க்குக் கூரைப்புடவையைப் பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்கிப் பெண் கையில் கொடுப்பார்கள். பெண் உள்ளே போய் அதைக் கட்டிக்கொண்டு 8 மணிக்குத் திரும்பி வர வேண்டும்.

அதாவது பெண் இரண்டு முறை தயாராக வேண்டும். முதல் முறை 6.45-க்குள், அப்போதுதான் போட்டோவுக்குக் கால் மணி நேரம் கிடைக்கும். இரண்டாவது முறைக்கு அரை மணி நேரம்தான். மேக்கப் செய்பவரிடம் நேரம் கேட்டால், "மேக்கப், புடவை எல்லாம் ரெண்டு மணி நேரம். ஜடை வச்சுப் பின்னணும்னா இன்னும் அரை மணி" என்றார். 6.45-இல் இருந்து இரண்டரை மணி நேரம் கழித்தால் 4.15.

இப்போது குரூப்பைப் பார்த்தால் மூன்று வாரம் முன்பு முடிவானது இப்படி இருக்கிறது: "மேக்கப் அக்கா 5 மணிக்கு வந்துடுவாங்க." முக்கால் மணி நேரம் துண்டு விழுகிறது. பெண் 7.30-க்குத்தான் மணைக்கு வந்திருப்பார், கூரைப்புடவை 8 மணிக்கு, தாலி 8.45 ஆகியிருக்கும். முகூர்த்தத்துக்குள்தான் இருக்கும். ஆனால் அதன்பிறகு ஒரு கால் மணி நேரம் எதிலாவது தாமதமானால் 9 மணியைத் தொட்டுவிடும்.

அவரிடம் 4.15-க்கு வர முடியுமா என்று கேட்டதில், வரலாம், ஆனால் அந்த நேரத்துக்கு ஆட்டோவை நம்பி வர முடியாது என்றார். நியாயமான பேச்சு. எனவே அட்டவணையில் புதிதாக ஒரு வரி முளைத்தது: 3.45-க்குச் சித்தப்பா மகன் காரில் போய் அவரை அழைத்து வர வேண்டும். இப்படிப்பட்ட வரிகள் குரூப்பில் எந்த மெசேஜிலும் இருக்காது. பின்னோக்கிக் கணக்குப் போட்டால்தான் வெளியே வரும்.

ஜடையும் அப்படியே. மேக்கப் முடிந்து முடி பின்னத் தொடங்கும்போது மணி 5.30. பூவோ 6 மணிக்கு. பூக்காரரிடம் விசாரித்ததில், அவர் சொன்ன 6 மணி மாலைக்கு மட்டும். ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டில் விடியற்காலை எடுத்துக் கட்டிக் கொண்டுவருவதாகவும், ஜடையும் தலைப்பூவும் சனிக்கிழமை இரவே தந்துவிடுவதாகவும் சொன்னார். அப்படியென்றால் சனி இரவு வாங்கி, ஈரத்துணி சுற்றிக் கூடையில் வைக்க ஒருவர் வேண்டும். சித்தி பெயர் ஏறியது. இல்லையென்றால் அந்தக் கூடை மண்டப ஆபீஸ் மேசைக்குக் கீழேயே கிடந்திருக்கும்.

கிளம்புகிற நேரமும் இதே கதைதான். "3 மணிக்கு மேல சாவகாசமா கிளம்பலாம்" என்று பெரியம்மா போட்டிருந்தார். மண்டபத்தை 3 மணிக்குக் காலி செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் 4.30 முதல் 6 வரை, எமகண்டம் மதியம் 12 முதல் 1.30 வரை. மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம். ஆக 1.45-க்கும் 2.30-க்கும் நடுவில்தான் மணமக்கள் கிளம்பியாக வேண்டும். நான் 2.00 என்று எழுதினேன். நல்ல நேரம் பார்க்காத வீடாக இருந்தாலும் மண்டப நேரம் ஒன்று இருக்கிறது, அதற்கு விதிவிலக்கு கிடையாது.

ஒரு வரிக்கு ஒரு பெயர்

"மாமா / பெரியப்பா" என்று சாய்வுக்கோடு போட்டு எழுதினால் மறுபடி ஜங்ஷன் வாசல்தான். ஒரு வேலைக்கு ஒரே ஆள். அவர் முடியாமல் போனால் யார் என்று பக்கத்தில் மாற்று ஆள் ஒருவர். வரிசையில் பெயர் ஏறுவதற்கு முன் அவருக்குப் போன் செய்து, அவர் வாயால் "சரி" என்று சொல்ல வேண்டும். குரூப்பில் போட்ட கட்டைவிரலைச் சம்மதமாக எடுக்காதீர்கள். "படித்துவிட்டேன்" என்பதைத் தாண்டி அதற்கு அர்த்தம் இல்லை.

யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் முக்கியம். அப்பா, அம்மா, தாய்மாமா இவர்கள் சடங்கில் உட்காருவார்கள். காலை 6.30-இல் இருந்து 9 வரை அவர்கள் பெயரில் எந்த வேலையும் இருக்கக் கூடாது. எங்கள் முதல் பட்டியலில் அந்த நேரத்தில் அப்பா பெயர் ஏழு இடத்தில் இருந்தது. சமையல்காரர் கேட்பது, நாதஸ்வரக்காரருக்கு மீதிப் பணம், வீடியோக்காரர் சந்தேகம் எல்லாமே அவரிடம். மணையில் உட்கார்ந்திருப்பவர் சட்டைப் பையில் போன் அடிப்பது இதனால்தான். ஏழையும் பிரித்துக் கொடுத்தோம். பணம் கொடுக்க வேண்டிய ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கவர் போட்டு, மேலே தொகையை எழுதி, எல்லாவற்றையும் அத்தை வீட்டுக்காரரிடம் சனி இரவே ஒப்படைத்தோம்.

மொய் மேசைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் எழுத, ஒருவர் வாங்கி எண்ண. தாலி கட்டி முடிந்ததும்தான் அங்கே கூட்டம் சேரும், அதனால் அவர்களால் சாப்பிடப் போக முடியாது. 9.30-க்கு அவர்களை மாற்றி விடுபவர் யார் என்பதும் ஒரு வரிதான். இதை மறந்துவிட்டு, மொய் எழுதியவரைப் பசியோடு அனுப்பி வைத்த வீடுகள் நிறைய.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் குரூப்பில் நம் வீட்டுக்காரர்கள் மட்டும்தான் இருப்பார்கள். எங்கள் வழக்கப்படி தாலி, கூரைப்புடவை, மெட்டி எல்லாம் மாப்பிள்ளை வீட்டில் இருந்து வருகின்றன. அதனால் கல்யாணத்தின் முக்கியமான மூன்று பொருளைப் பற்றி 1,100 மெசேஜில் ஒரு வார்த்தை கூட இல்லை! மாப்பிள்ளையின் அக்காவிடம் பேசி, "தாலியும் மெட்டியும் யார் கையில இருக்கும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான் என்று இரண்டு வீட்டுக்கும் நடுவே பேச ஆளுக்கு ஒருவர் என முடிவு செய்தோம். சம்பந்திகள் நேரடியாக ஒருவரை ஒருவர் "ஏன் லேட்?" என்று கேட்காமல் இருக்க இது பெரிய உதவி.

அட்டவணை எப்படி இருந்தது?

முழு அட்டவணை 43 வரி. தாலி வரையிலான பகுதி மட்டும் இங்கே. பெயர்களுக்குப் பதில் உறவு போட்டிருக்கிறேன்.

ஞாயிறு காலை 3.30 – பெண்ணை எழுப்புதல், குளியல் – சித்தி (மாற்று: அத்தை மகள்)
3.45 – மேக்கப் செய்பவரை வீட்டில் இருந்து அழைத்துக் கிளம்புதல் – சித்தப்பா மகன் (மாற்று: நான்)
4.15 – மேக்கப் தொடக்கம். அறைச் சாவி, பூக்கூடை – சித்தி
5.00 – சமையல் கட்டில் டிபன் நிலவரம் பார்த்தல் – பெரியப்பா (மாற்று: பெரியப்பா மகன்)
5.30 – கரூர் வேன் கிளம்புதல். ஏறியவர்களை எண்ணிப் போன் செய்தல் – கரூர் மாமா (மாற்று: அவர் மகன்)
6.00 – மாலைகள் வந்து சேர்தல். எண்ணி வாங்குதல் – அத்தை மகன் (மாற்று: மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டு அண்ணன்)
6.15 – நாதஸ்வரம், தவில் தொடக்கம் – பெரியப்பா மகன்
6.30 – மாப்பிள்ளை மணைக்கு. முதல் பந்தி – பந்திக்குப் பெரியப்பா
6.45 – பெண் தயார், போட்டோ – அத்தை மகள்
7.00 – பெண் மணைக்கு – சித்தி
7.30 – கூரைப்புடவை. உடன் செல்பவர் – அத்தை மகள்
8.00 – பெண் மீண்டும் மணைக்கு
8.15 – தாலி. கெட்டி மேளத்துக்குச் சைகை கொடுப்பது ஐயர்

முதல் பந்தியை 6.30-க்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. சாப்பாட்டு ஹாலில் ஒரு பந்திக்கு 150 இலை. பரிமாறி, சாப்பிட்டு, மேசை துடைத்து அடுத்த இலை போட 45 நிமிடம். 500 பேர் என்றால் நான்கு பந்தி, மூன்று மணி நேரம். தாலி முடிந்த பிறகு ஆரம்பித்தால் கடைசி ஆள் 11.30-க்குத்தான் எழுந்திருப்பார், அதற்குள் மதியச் சாப்பாட்டுக்கு வேறு இலை போட வேண்டும். முன்கூட்டியே ஒரு பந்தி போனால் 8.30-க்கு மாடிப்படியில் நெரிசல் குறையும். டிபன் 6.30-க்குத் தயார் என்றால் சமையல் கட்டில் 5 மணிக்கே ஒருவர் எட்டிப் பார்க்க வேண்டும், அதுதான் பெரியப்பா வரி.

சனிக்கிழமைப் பகுதியில் ஒரு வரியை மட்டும் சொல்கிறேன், பல வீடுகளில் விட்டுப்போவது: மண்டபச் சாவி வாங்கும்போதே கரண்ட் மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்துக்கொள்ள ஒருவர். பல மண்டபங்களில் மின்கட்டணம் தனி. மறுநாள் கணக்கு முடிக்கும்போது அந்தப் போட்டோ இல்லையென்றால் அவர்கள் சொல்வதுதான் ரீடிங்.

43 வரியையும் எல்லோருக்கும் அனுப்பலாமா?

அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவருடைய இரண்டு மூன்று வரியை மட்டும் தனி மெசேஜில் போட்டேன், கூடவே அவர் தேடிப் பேச வேண்டிய ஆளின் நம்பர். "மாமா, ஞாயிறு காலை 5.30க்குக் கரூர்ல வேன் கிளம்பணும். டிரைவர் நம்பர் கீழே. கிளம்பினதும் எனக்கு ஒரு கால்." இவ்வளவுதான். டைப் செய்யாத பெரியவர்களுக்கு இதையே வாய்ஸில் அனுப்புங்கள். அது அவர்களுக்குப் பழக்கமான வழி.

முழு அட்டவணை நான்கு பிரிண்ட் மட்டும்: பெண் அறைக் கதவில் ஒன்று, சமையல் கட்டில் ஒன்று, அத்தை வீட்டுக்காரரிடம் ஒன்று, என் பையில் ஒன்று. பேப்பரின் மேலே "வெள்ளி இரவு 9 மணி" என்று எழுதினேன். அதற்குப் பிறகு பிரிண்ட் எடுக்கவில்லை. மாற்றம் வந்தால் நான்கு பேப்பரிலும் பேனாவால் திருத்துவது, சம்பந்தப்பட்டவருக்குப் போன் செய்வது. பழைய பிரிண்டும் புதிய பிரிண்டும் ஒரே மண்டபத்தில் சுற்றினால் அட்டவணை இல்லாததை விட மோசம்.

பழைய குரூப்பை மூடச் சொல்லவில்லை, அது மகிழ்ச்சிக்கான இடம். அன்றைய வேலைக்காகப் பொறுப்பில் உள்ள 12 பேரை மட்டும் வைத்துத் தனிக் குரூப் ஒன்று, அதில் "வேன் கிளம்பியது", "மாலை வந்தது" என்று மட்டும் போட வேண்டும் என்று பேச்சு. சித்தப்பா அதிலும் ஒரு குட் மார்னிங் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்றால், மேக்கப் 4.20-க்கு ஆரம்பித்தது. மாலை 6 மணிக்கு வராமல் 6.25-க்கு வந்தது. அத்தை மகன் 6.05-க்கே பூக்காரருக்குப் போன் போட்டுவிட்டதால் எங்கே வருகிறார் என்பது தெரியும், மணையில் இருந்த யாரும் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பொங்கல் இரண்டாவது பந்தியில் தீர்ந்து, சமையல்காரர் கிச்சடி கிண்டினார். பெங்களூர் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். தாலி 8.18-க்கு.